மூடிக்குள் எழுதியது

உதயகலா மூன்றாவது தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பிறகுதான், அது தற்செயல் இல்லை என்று சிமியோனுக்குப் பட்டது.

முதல் தடவை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில். மரக்கறிப் பையோடு நேர் எதிரே வந்தவள் அவரைக் கண்டதும் வெங்காயக்காரர் பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டாவது தடவை பலாலி வீதியில், அவள் பேருந்துக்கு நின்றபோது. மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, "தங்கச்சி, சுகமோ?" என்று கேட்டார். அவள் கைத்தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அது அடித்த மாதிரித் தெரியவில்லை. மூன்றாவது தடவை இணுவிலில், அவளுடைய வாசலிலேயே. அவர் அந்த வழியால் போனால் "நில்லுங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று மறிக்கிறவள், அன்று உள்ளே போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அங்கே அவள் சின்னதாக ஓர் இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறாள். ஓர் அறை, ஒரு மெஷின், கூட வேலைக்கு ஒரு பெண். அறை சூடேறினால் அந்த மெஷின் சொல்லும் இலக்கத்தை நம்ப முடியாது. அதனால் யன்னலில் பொருத்தியிருந்த ஏசிதான் அவளுடைய தொழிலின் பாதி உயிர். ஏழு வருடமாக, சிமியோன் சொல்லாமல் அந்த ஏசியில் வேறு யாரையும் அவள் கைவைக்க விட்டதில்லை.

"நான் என்ன செய்தன்?" என்று மனைவி மார்கிரட்டிடம் கேட்டார்.

"என்னவும் தெரியாத்தனமாக் கதைச்சிருப்பியள்."

"நானோ?"

மார்கிரட் கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் சரிதான். நீங்கள் வாயைத் திறந்தாத்தானே பிழை வாறதுக்கு."

அவள் சொன்னது பகிடி இல்லை. குருநகர் முழுக்கத் தெரிந்த விசயம் அது. சிமியோனின் தகப்பனும் தகப்பனின் சகோதரர்களும் கடலுக்குப் போன ஆட்கள். சிமியோனுக்கு மட்டும் கடல் ஒத்துவரவில்லை. கரை கண்ணுக்கு மறைய முன்னமே தலை சுற்றிச் சத்தி எடுக்கிற பெடியனை வைத்து என்ன செய்வது என்று யோசித்த தகப்பன், பதினேழு வயதில் அவரைத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் கொம்பனியில் கொண்டுபோய் விட்டார். அங்கே பெரிய பெரிய கொம்பிரசர்கள் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும். ஒருத்தன் கத்தினாலும் மற்றவனுக்குக் கேட்காது. ஆகவே அங்கே ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடித்துப் போகிறவன், அடுத்து வருகிறவனுக்குச் சொல்ல வேண்டியதை மெஷினிலேயே சோக்கட்டியால் எழுதிவிட்டுப் போவான். 'இரண்டாவது வால்வு ஒழுகுது.' 'பெல்ட் இன்னும் ரெண்டு நாள்தான்.' எழுதினதை யாரும் அழிக்கமாட்டார்கள். வேலையைச் செய்து முடித்தவன்தான் அழிப்பான்.

பதினைந்து வருடம் அப்படியே போனது. பேச்சு குறைந்து, எழுத்து பழகிப்போனது. பிறகு சின்ன ஏசிகள், குளிர்சாதனப் பெட்டிகள் என்று தனியே வேலை தொடங்கியபோதும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. சோக்கட்டிக்குப் பதில் கறுப்பு மார்க்கர் வந்தது, அவ்வளவுதான். கொம்பிரசரின் தலையில், வயர்கள் போய்ப் பூட்டுகிற இடத்தை மூடி ஒரு பிளாஸ்ரிக் மூடி இருக்கும். அதன் உட்பக்கத்தில் திகதியும், அளந்த இலக்கமும், செய்ய வேண்டியதும் எழுதி வைத்துவிட்டு மூடிவிடுவார். கடதாசி தொலையும், மூடி தொலையாது என்பார்.

அடுத்து வருகிறவன் என்று அவருக்கு இருந்தது வாகீசன்தான்.

வாகீசன் இணுவில்காரன். பேச்சில் தேன் வடிக்கிறவன். பதினொரு வருடத்துக்கு முன்னால் பலாலி வீதியில் ஒரு கடை எடுத்துக்கொண்டு சிமியோனிடம் வந்து, "மச்சான், உனக்குக் கை இருக்கு, எனக்கு வாய் இருக்கு. சேந்தா ஒரு முழு ஆள்" என்றான். சிமியோன் மெஷினுக்கு என்ன வருத்தம், எங்கே பழுது என்று கண்டுபிடிப்பார். வாகீசன் சாமான் எடுத்துவந்து மாட்டுவான், வீட்டுக்காரரோடு கதைப்பான். கடைக்குப் பெயர்ப்பலகை போட்ட அன்று சிமியோன் பார்த்தபோது, அதில் 'சிமியோன் குளிரூட்டித் திருத்தகம்' என்று இருந்தது.

"உன்ரை பேரைப் போடாமல் ஏனடா?"

"என்ரை பேரைப் பாத்து ஆர் வாறது? சனம் உன்னைத்தான் நம்புது."

அன்று சிமியோனுக்குக் கண் கலங்கிப்போனது. மார்கிரட்டைக் கூட்டிவந்து வீதியின் மறுபக்கம் நிறுத்திப் பலகையைக் காட்டினார்.

*

புரட்டாதி மாதத்து வெயிலில் ஒரு காலை பிரகாஸ் போன் செய்தான். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் பிறின்ற் கடை வைத்திருக்கும் பெடியன். வழமையாகக் கடைக்கு வரும் போன் வாகீசனுக்குத்தான் போகும். அன்று வாகீசன் சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்ததால் சிமியோனே எடுத்தார்.

"அண்ணை, ஏசி உறுமுது, பிறகு டிக் எண்டு நிக்குது. கொஞ்சத்தாலை திரும்பவும் உறுமுது. மெஷினெல்லாம் சூடாகுது. கம்பஸ் பிள்ளையள் ஆய்வுக் கட்டுரையோடை வரிசையிலை நிக்கினம்."

"நிப்பாட்டி வை. வாறன்."

கடைக்குள் கால் வைத்ததும் ஏசியைப் பார்த்தார். பழைய, பெரிய யன்னல் ஏசி. முகப்பின் ஓரத்தில் வெயிலுக்கு வெளிறின ஒரு வண்ணத்துப்பூச்சிப் படம் ஒட்டியிருந்தது. எங்கேயோ கண்ட மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் படம் ஒட்டாத சாமான் ஏது?

"போடு பாப்பம்" என்றார்.

பிரகாஸ் ஆளியைத் தட்டினான். விசிறி ஒழுங்காகச் சுழன்றது. பிறகு கொம்பிரசர் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகியது. மூன்று வினாடி, நாலு வினாடி. உள்ளே 'டிக்'. முனகல் நின்றது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப துவங்கினது?"

"நேற்றுப் பின்னேரம் ஒரு மாதிரிக் கரகரத்துச்சு அண்ணை. எரிஞ்ச மணமும் வந்துது. பிறகு நிண்டிட்டுது. காலமை போட்டா உந்த முனகல் மட்டும்தான். கொம்பிரசர் இறுகிப்போச்சோ?"

"பாக்காமல் சொல்லக்கூடாது."

அது அவருடைய ஒரே கொள்கை என்றுகூடச் சொல்லலாம். கொம்பிரசர் முனகி நிற்கிறது என்றால், அது சுழலப் பார்க்கிறது, முடியவில்லை என்று அர்த்தம். முடியாமல் போவதற்குக் காரணம் பல. கறண்ட் போதாமல் இருக்கலாம். சுழலத் தொடங்குவதற்கு உந்திவிடுகிற ஸ்ரார்ட் கப்பாசிற்றர் செத்திருக்கலாம். உள்ளே கம்பிச் சுற்று எரிந்திருக்கலாம். கடைசியில்தான் இறுகினது. ஆனால் வெளியே கேட்கிற சத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆகவே பொய் சொல்ல நினைக்கிறவனுக்கு இதைவிட வசதியான வருத்தம் இல்லை.

இரண்டு நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடச் சொன்னார். அது முனகும்போதே மீற்றரை வைத்துப் பார்த்தார். இருநூற்று இருபத்தெட்டில் நின்ற வோல்ற் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இறங்கியது, அதற்குக் கீழே போகவில்லை. கறண்ட் போதும். கொம்பிரசருக்குப் போகிற வயரைச் சுற்றிக் கொடுக்கு மீற்றரைக் கொளுவினார். முப்பத்தாறு அம்பியர். ஓடும்போது எட்டு அம்பியர் இழுக்க வேண்டிய மெஷின். 'டிக்'.

"உந்த டிக்தான் பழுது எண்டு ஒருத்தர் சொன்னவர் அண்ணை."

"அது பழுதில்லை. அது ஓவர்லோட். கொம்பிரசர் சுழலாமல் முப்பத்தாறு இழுத்தா உள்ளை எல்லாம் எரிஞ்சுபோம். எரிய முன்னம் அது வெட்டி விடுது. ஆறினாப் பிறகு திரும்ப விடுது. உதுக்குள்ளை அது ஒண்டுதான் தன்ரை வேலையை ஒழுங்காச் செய்யுது."

இணைப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பேருமாக மெஷினைச் சட்டத்திலிருந்து இழுத்து மேசையில் வைத்தார்கள். கப்பாசிற்றர்களின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு மின்தடையைப் பிடித்து, உள்ளே தேங்கின கறண்டை வடித்தார். பிறகு கொம்பிரசரின் தலையிலிருந்த பிளாஸ்ரிக் மூடியின் கம்பிக் கொளுக்கியைத் தட்டி, மூடியைத் திருப்பினார்.

உள்ளே அவருடைய கையெழுத்து இருந்தது.

*பெப்ரவரி 12. சி–ஆர் 1.2. சி–எஸ் 2.9. ஆர்–எஸ் 4.1. பொடியில் கறண்ட் இல்லை. கொம்பிரசர் நல்லம். ஸ்ரார்ட் கப்பாசிற்றர் செத்தது. ரிலே முனை கருகல். வாகீசன், ரிலேயையும் மாத்து.*

கொஞ்ச நேரம் அவர் அதையே வாசித்துக்கொண்டு நின்றார். பெப்ரவரி பன்னிரண்டு. உதயகலாவின் அறை. இரத்தம் கொடுக்க வந்த ஒரு கிழவர் வெளியே இருமிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று லைற் பிடித்தாள். அடுத்த நாள் காலை அவர் ஒரு குளிர் அறை வேலைக்காக முல்லைத்தீவுக்குப் போய்விட்டார், நாலு நாள். திரும்பி வந்து "இணுவில் வேலை முடிஞ்சுதோ?" என்று கேட்டபோது வாகீசன் சொன்னான்: "உதயகலாக்கா புதுசு ஒண்டு வாங்கிப் போட்டுட்டா மச்சான். தம்பிக்காரன் வெளிநாட்டிலை இருந்து உதவி செய்தவனாம். பழசு வேண்டாமாம்." நல்ல விசயம்தானே என்று நினைத்து அதை மறந்துபோனார்.

"பிரகாஸ், இது எங்கை எடுத்தது?"

"என்ன அண்ணை கேக்கிறியள்? உங்கடை கடையிலைதான். வாகீசன் அண்ணை கொண்டுவந்து பூட்டித் தந்தவர். 'சிமியோன் உடைச்சுக் கட்டின மெஷின், பத்து வருசத்துக்குப் பாக்கத் தேவையில்லை' எண்டவர்."

சிமியோன் மூடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

"உந்த வண்ணத்துப்பூச்சியாலை ஒரு கதை இருக்கு" என்றான் பிரகாஸ். கடதாசிக் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னான். "ஒரு கம்பஸ் பிள்ளை பிறின்ற் எடுக்க வந்தவ, உதைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டா. கிட்டப் போய்த் தடவியும் பாத்தா. 'அண்ணா, இது எங்கை வாங்கினது?' எண்டு கேட்டா. எனக்கென்ன மறைக்க? சிமியோன் அண்ணையின்ரை கடையிலை எண்டன். காசைத் தந்திட்டு, பிறின்ற் எடுத்த கடதாசியையும் விட்டிட்டுப் போட்டா. தக்சாயினி எண்டு கடதாசியிலை பேர் கிடந்துது. பிறகு வரவே இல்லை."

"எப்ப?"

"நாலு அஞ்சு மாசம் இருக்கும்."

தக்சாயினி உதயகலாவின் மகள். பள்ளிக்கூடச் சட்டையோடு தாயின் அறையில் இருந்து வீட்டுப்பாடம் செய்யும் காலத்தில் அந்தப் படத்தை ஒட்டினவள்.

சந்தையும், பேருந்துத் தரிப்பும், கண்ணாடிக் கதவும் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. இறுகிப்போச்சு, எறி என்று சிமியோன் சொன்னதாகச் சொல்லித்தான் வாகீசன் அதைத் தூக்கியிருக்க வேண்டும். அந்த மெஷின், சிமியோனின் கடையாலேயே விற்கப்பட்டு, இரண்டு மைல் தள்ளி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை அவளுடைய பிள்ளை தன் கையால் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். உதயகலா சண்டைக்கு வரவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கை மட்டும் வேலையைச் செய்தது. கொம்பிரசரின் மூன்று முனைகளிலும் வயரைக் கழற்றி அளந்தார். 1.2. 2.9. 4.1. சின்ன இரண்டும் சேர்ந்தால் பெரியது வருகிறது, சுற்றுக்கு ஒரு குறையும் இல்லை. முனையிலிருந்து பொடிக்கு, அந்த வெளி இரும்புக் கூட்டுக்கு, கறண்ட் ஒழுகவில்லை. ஆறின ஓவர்லோட்டை அளந்தார், தொடர்பு இருந்தது. எப்போதும் ஓட உதவுகிற கப்பாசிற்றரும் அதில் எழுதியிருந்த அளவையே காட்டியது. ஸ்ரார்ட் கப்பாசிற்றர்தான் அடி வீங்கி எண்ணெய் கசிந்து கிடந்தது. அளந்தால் ஒன்றுமில்லை. புதிதுதான், ஏழு மாதத்துக்கு முன் மாட்டியது.

"அப்ப உதை மாத்தினாச் சரியோ?"

"உது செத்தது. ஆனால் உதை வேறை ஏதோ சாகடிச்சிருக்கு."

ஸ்ரார்ட் கப்பாசிற்றருக்கு ஒரு கணம்தான் வேலை. மெஷின் சுழன்று வேகம் எடுத்ததும் ரிலே அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் வைத்திருந்தால் அது சூடேறி வீங்கிச் சாகும். மெஷின் நிற்கும்போது ரிலே எப்படியும் தொடர்பு காட்டும், அதனால் சும்மா அளந்து கண்டுபிடிக்க ஏலாது. தன் பையிலிருந்து ஒரு நல்ல கப்பாசிற்றரை எடுத்து மாட்டி, அதன் வயரில் கொடுக்கு மீற்றரைக் கொளுவி, பிரகாஸைப் பார்த்தார். "நான் நிப்பாட்டு எண்டவுடனை நிப்பாட்டு."

கொம்பிரசர் முனகவில்லை. ஒரே உந்தலில் சுழன்றது. பிரகாஸ் "ஆ!" என்றான். ஆனால் கப்பாசிற்றர் வயரில் இலக்கம் பூச்சியத்துக்கு விழவில்லை. நேற்றுப் பின்னேரத்துக் கரகரப்புத் தொடங்கியது.

"நிப்பாட்டு!"

ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. மாத்து என்று அவர் எழுதியிருந்தார். பெயர் சொல்லி எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு, விற்கிறதற்கு மெஷின் ஓடினால் போதும் என்று வாகீசன் விட்டிருக்கிறான்.

புது ரிலேயை மாட்டிவிட்டு, உள்ளே அழுத்தம் சமனாகட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் மற்ற விசயம் அவருக்கு விளங்கியது. அது இதைவிட மோசமாக இருந்தது.

பதினொரு வருடமாக ஒவ்வொரு மூடிக்குள்ளும் எழுதியிருக்கிறார். 'கொம்பிரசர் நல்லம்.' 'சுற்று நல்லம்.' 'கப்பாசிற்றர் மட்டும்தான்.' தன் தோழனுக்கு வேலையை இலேசாக்குவதாக நினைத்துக்கொண்டு, எந்த வீட்டு மெஷினைத் தூக்கினால் அடுத்த நாளே ஓடவைக்கலாம் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். வாகீசன் எதையும் தேடவே தேவையில்லை. மூடியைத் திறந்து வாசித்தால் போதும்.

திரும்பப் போட்டபோது கொம்பிரசர் சுழன்றது. ரிலே மெல்லத் தட்டியது, கப்பாசிற்றர் வயரில் பூச்சியம். பெரிய வயரில் எட்டு. ஏசி குளிர் ஊதத் தொடங்கியது. பிரகாஸ் அதற்கு முன்னால் போய் நின்று சேர்ட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

சிமியோன் மூடியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பூட்டும்போது மார்க்கரை எடுத்து, பிறகு எழுதாமலே சட்டைப்பையில் போட்டார்.

*

வாகீசன் மத்தியானம் கடையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"வா மச்சான், சாப்பிடுவம். சாவகச்சேரி வேலை…" என்று தொடங்கினவன், முன்னால் நீட்டின படத்தைப் பார்த்து நிறுத்தினான். பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

"உதுக்கே முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?"

"இறுகிப்போச்சு எண்டு அவவுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான்."

"ஆர் சொன்னதெண்டு சொன்னனீ?"

வாகீசன் ஒரு வாய் சாப்பிட்டான். "அவ என்னை நம்பமாட்டா மச்சான். நான் எதைச் சொன்னாலும், சிமியோன் அண்ணை என்ன சொன்னவர் எண்டுதான் கேப்பா. எல்லாரும் அப்பிடித்தான் கேக்கிறவை. நான் என்ன செய்ய?"

"எல்லாரும்?"

"டேய், உதை விடு."

"எத்தினை வீட்டிலை என்ரை பேரைச் சொன்னனீ?"

"அதெல்லாம் ஆர் நினைவு வைச்சிருக்கிறது?" அவன் குரலை உயர்த்தினான். "உனக்கென்னடா தெரியும்? மூடிக்குள்ளை எழுதிப்போட்டுப் போடுவாய். சனத்தோடை மாரடிக்கிறது நான். உன்ரை கடைசிப் பிள்ளை சேர்ச்சிலை முதல் நன்மை எடுக்கேக்கை ஆர் ஓடித் திரிஞ்சது? கேக் தூக்கினது ஆர்? மார்கிரட் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை உன்ரை வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தது ஆர்? நான் இல்லாட்டி நீ இண்டைக்கும் ஐஸ் கொம்பனியிலை சோக்கட்டியோடைதான் நிப்பாய்."

அவ்வளவும் உண்மை. பொய் சொல்கிறவன் எல்லாவற்றையும் பொய்யாகச் செய்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அந்தச் சோறு உண்மையான சோறு. கேக்கைத் தூக்கிக்கொண்டு வெயிலில் சேர்ச் படி ஏறினதும் உண்மை.

"பலகையிலை என்ரை பேரை ஏன் போட்டனீ?" என்று கேட்டார்.

வாகீசன் நிமிர்ந்து பார்த்தான். தண்ணீர்ப் போத்தலைத் தேடினான்.

*

பின்னேரம் நாலு மணிக்கு சிமியோன் இணுவிலுக்குப் போனார். கண்ணாடிக் கதவைத் தட்டினார். உதயகலா திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் வாசற்படியில் நின்றபடி கைத்தொலைபேசியை நீட்டினார். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்த வசனங்களில் ஒன்றுதான் வெளியே வந்தது.

"தங்கச்சி, நான் இறுகிப்போச்செண்டு சொல்லேல்லை. பாருங்கோ."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். இலக்கங்களை வாசிக்கத் தெரிந்தவள்தான், அவள் தொழிலும் அதுதானே. திகதியை வாசித்தாள். 'நல்லம்' என்பதை வாசித்தாள். கடைசி வரியையும் வாசித்தாள்.

"அப்ப உங்களுக்கு ரெண்டுபேருக்கும் தெரிஞ்சுதானே இருந்தது."

"இல்லை தங்கச்சி. மெஷின் நல்லம் எண்டது தெரியும். அவன் பொய் சொல்லி அதைத் தூக்கினது தெரியாது. நீங்கள் புதுசு வாங்கிப் போட்டியள் எண்டுதான் எனக்குச் சொன்னவன்."

"நீங்கள் கேட்டனீங்களோ என்னட்டை?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"உந்த எழுத்தை எழுதேக்கை பக்கத்திலை நிண்டு லைற் பிடிச்சது நான். மூடியை மூடிப்போட்டு, 'வாகீசன் வருவான்' எண்டு சொல்லிப்போட்டுப் போனனீங்கள். நல்லம் எண்டு உந்த மூடிக்குச் சொல்லியிருக்கிறியள், வாகீசனுக்குச் சொல்லியிருக்கிறியள். எனக்கு ஏன் சொல்லேல்லை? ஒரு சொல்லுத்தானே அண்ணை?"

அண்ணை என்று அவளையறியாமல் வந்துவிட்டது.

"வாகீசன் வந்து, இறுகிப்போச்செண்டு சிமியோன் அண்ணை சொல்லிப்போட்டார் எண்டார். ரெண்டாம் பேச்சில்லாமல் தூக்கிக் குடுத்தன். புதுசு வாறவரைக்கும் பன்னிரண்டு நாள் பூட்டிக்கொண்டு இருந்தன். அதைக்கூட நான் பெரிசா எடுக்கேல்லை. பிள்ளை வந்து, அம்மா எங்கடை வண்ணத்துப்பூச்சி எண்டு அழுதவள். சின்னனிலை இருந்து உங்களைத் தெரியும் அவளுக்கு. 'சிமியோன் மாமாவோ?' எண்டு எத்தினை தரம் கேட்டவள் தெரியுமோ? நான் என்ன சொல்லுறது?"

"அவளிட்டைச் சொல்லுங்கோ…"

"என்னத்தைச் சொல்ல?" கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்கள் சொல்லுறது உண்மையா இருக்கலாம். உண்மையாத்தான் இருக்கும். ஆனால் உதை நம்புறதுக்கும் நான் உங்கடை சொல்லைத்தானே நம்பவேணும்."

கதவை இந்தத் தடவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

*

அடுத்த நாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கு சிமியோன் வந்தார். தன் மீற்றர் இரண்டையும், காஸ் அளக்கிற கருவியையும், மார்க்கர் போட்டு வைக்கும் தகர டப்பாவையும் ஒரு பையில் வைத்தார். வாகீசன் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரவு நித்திரை கொள்ளாதவன் மாதிரித் தெரிந்தது, ஆனால் அதை நம்பலாமா என்று சிமியோனுக்குத் தெரியவில்லை. இனி அவன் முகத்தில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான்.

"எங்கை போறாய் மச்சான்? உன்னாலை தனியச் செய்ய ஏலுமே? வீட்டுக்காரரோடை ரெண்டு வசனம் கதைப்பியோ?"

"பழகவேணும்."

சிமியோன் ஏணியை எடுத்து வெளியே சாத்தினார். வாகீசன் எழுந்து வந்தான்.

"என்னடா செய்யிறாய்?"

பெயர்ப்பலகையின் நாலு மூலைக்கும் நாலு திருகாணி. மூன்று சுழன்று வந்தன. நாலாவது துருப்பிடித்து முறுகி நின்றது. திருகு முறுக்கியை மாற்றிப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார். வீதியால் போன ஓர் ஓட்டோக்காரன், "அண்ணை, கடை மாறுறியளோ?" என்று கேட்டான். சிமியோன் முதல் தடவையாக வழிப்போக்கனுக்கு ஒரு முழு வசனம் சொன்னார்.

"இல்லைத் தம்பி, நான் இந்தக் கடையிலை இல்லை."

ஆணி கிரீச்சிட்டுக் கழன்றது. பலகை எதிர்பார்த்ததைவிட இலேசாக இருந்தது. அதன் பின்னால் இருந்த சுவர் மட்டும் வெயில் படாமல் புதுச் சுண்ணாம்பு நிறத்தில் நீளச் சதுரமாகத் தெரிந்தது.

"கழட்டினா என்ன? நான் வேறை பலகை போடுவன்" என்றான் வாகீசன். குரல் உடைந்திருந்தது. கோபமா, வேறு எதுவுமா என்று அதிலும் தெரியவில்லை.

"போடு" என்றார் சிமியோன். பலகையை மோட்டார் சைக்கிளின் பின்னால் குறுக்கே வைத்துக் கயிற்றால் இறுக்கினார். "ஆனால் உன்ரை பேரைப் போடு."